தேதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்திச் செயலி இணைய மறுக்கிறது

இழுப்பறை | 12 மார்ச் 2026, இரவு 8.50

வழக்கமாகப் பயன்படுத்தும் கைப்பேசி பழுதுபார்ப்புக்குப் போயிருப்பதால், இரண்டு ஆண்டுகளாக இழுப்பறையில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியை எடுத்துச் சார்ஜ் ஏற்றினேன். சிம் அட்டை இப்போது ஒரு பட்டன் கைப்பேசியில் இருக்கிறது. பழைய கைப்பேசியில் வைஃபை மட்டுமே. பதிவுக் குறியீடு பட்டன் கைப்பேசிக்கு வரும், அதைப் பார்த்து இதில் தட்டிவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் எண்ணைக் கேட்கும் கட்டத்துக்கே செயலி போகவில்லை. கைப்பேசியின் தேதி தவறு, கடிகாரத்தைத் திருத்திவிட்டு மீண்டும் முயலவும் என்று ஒரே பல்லவியைப் பாடுகிறது.

முதலில் தேதி உண்மையாகவே தவறாகத்தான் இருந்தது, பிப்ரவரி மாதத்தைக் காட்டியது. தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு நானே திருத்தினேன். இப்போது பூட்டுத்திரையில் "வியாழன், 12 மார்ச்" என்று இருக்கிறது, மணியும் சுவர்க் கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் பொருந்துகிறது. இன்று வியாழன்தான், 12 மார்ச்தான். ஆகவே செயலி பொய் சொல்கிறது, உண்மையான கோளாறு வேறெதுவோ என்பது என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சுருக்குவழி | 12 மார்ச், இரவு 9.15

செயலியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டுக் கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சரியாகாவிட்டால் செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள். பழைய பிழைச் செய்தி உள்ளேயே தங்கிவிடுவது உண்டு.

இழுப்பறை | 12 மார்ச், இரவு 9.40

தற்காலிகச் சேமிப்பை அழித்தேன், அணைத்துப் போட்டேன், பலனில்லை. நீக்கி நிறுவுவதற்கு மட்டும் கை வரவில்லை; அந்தக் கைப்பேசியில் மட்டுமே இருக்கும் பழைய உரையாடல்கள் செயலியோடு போய்விடும். மேலும் செயலிக் கடையும் இணைப்பு இல்லை என்கிறது. நீக்கியிருந்தால் திரும்ப நிறுவவும் வழி இருந்திருக்காது. நல்ல வேளை, கை வராததே நன்மையாயிற்று.

மணிக்கூண்டு | 12 மார்ச், இரவு 10.05

செயலிக் கடையும் இணையவில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு வெவ்வேறு செயலிகள் ஒரே காரணத்தால் மறுக்கின்றன என்றால், கோளாறு செயலியில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது. உலாவியைத் திறந்து பூட்டுச் சின்னம் உள்ள ஏதாவது ஒரு தளத்துக்குப் போங்கள். `NET::ERR_CERT_DATE_INVALID` என்று வருகிறதா என்று பாருங்கள். கூடவே, ஆண்டு என்ன என்றும் பாருங்கள். பூட்டுத்திரை ஆண்டைக் காட்டாது.

இழுப்பறை | 12 மார்ச், இரவு 10.20

ஆண்டு தவறாக இருந்தால் கிழமை மாறியிருக்கும் அல்லவா? தேதிக்கும் மாதத்துக்கும் ஏற்ப வியாழன் என்றுதான் காட்டுகிறது. கிழமையை நான் உள்ளிடவில்லை, கைப்பேசியே கணக்கிட்டது. எனவே ஆண்டு சரியாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு மேல் இன்று கண் திறக்காது. உலாவியை நாளைக் காலையில் பார்க்கிறேன்.

நடுநிசி | 12 மார்ச், இரவு 11.55

எனக்கும் இதே சிக்கல்தான். நண்பர்கள் அனுப்பும் செய்திகள் எல்லாம் மூன்று மணி நேரம் முன்பே வந்ததுபோல் காட்டுகின்றன. தேதியைத் திருத்தினால் சரியாகுமா?

இழுப்பறை | 13 மார்ச், காலை 6.30

நேற்று நான் எழுதிய வாதத்தை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன்.

உலாவியில் ஒரு தளத்தைத் திறந்தேன். மணிக்கூண்டு சொன்ன அதே வரி வந்தது. அதற்கு மேல், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்ற தலைப்பு. அதன் கீழே கைப்பேசி எந்தத் தேதியை நம்பிக்கொண்டிருக்கிறது என்பது முழுதாக எழுதப்பட்டிருந்தது: வெள்ளி, 13 மார்ச், 2020.

ஆண்டு 2020! ஆறு ஆண்டுகள் பின்னால் இருந்துகொண்டு, கிழமையை மட்டும் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறது. நேற்று நான் செய்தது இப்போது நினைவுக்கு வருகிறது. தேதியைத் திருத்தும் நாட்காட்டி பிப்ரவரியில் திறந்தது. வலப்பக்க அம்புக்குறியை ஒரே ஒரு முறை அழுத்தினேன், மார்ச் வந்தது, 12-ஐத் தொட்டேன், சரி என்றேன். அந்த நாட்காட்டியின் தலைப்பில் ஆண்டு சிறிய எழுத்தில், மங்கலான நிறத்தில் இருக்கிறது. அதைத் தொட்டால்தான் ஆண்டுகளின் பட்டியல் விரிகிறது. சென்ற மாதத்திலிருந்து இந்த மாதத்துக்கு வருகிறோம் என்ற நினைப்பில் இருந்தவன் ஆண்டைப் பார்ப்பானா?

இருந்தாலும் இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. கிழமை எப்படிப் பொருந்தியது? கைப்பேசிக்கு 2020 பிப்ரவரி என்ற தேதி எங்கிருந்து வந்தது? நான் அதை இழுப்பறையில் போட்டது 2024-இல்.

மணிக்கூண்டு | 13 மார்ச், காலை 7.10

கிழமை பொருந்தியது உங்கள் துரதிர்ஷ்டம். ஓர் ஆண்டுக்கு ஒரு கிழமை தள்ளும், நெட்டாண்டின் பிப்ரவரி 29-ஐக் கடந்தால் இன்னொன்று தள்ளும். 2020 மார்ச்சிலிருந்து 2026 மார்ச் வரை ஆறு ஆண்டுகள், நடுவில் 2024-இன் பிப்ரவரி 29 ஒன்று; மொத்தம் ஏழு, அதாவது ஒரு முழு வாரம். ஆகவே மார்ச் முதல் டிசம்பர் வரை இரண்டு ஆண்டுகளின் நாட்காட்டியும் ஒன்றே. இதே வேலையைச் சென்ற மாதம் செய்திருந்தால் 2020-இன் பிப்ரவரி 29-உம் கணக்கில் சேர்ந்து, கிழமை ஒரு நாள் பிசகி உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு: அணைத்து வைத்த கைப்பேசியிலும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் சிறு சுற்று ஒன்று இருக்கிறது, அது பேட்டரியின் கடைசிச் சொட்டில் ஓடும். பேட்டரி முற்றிலும் வற்றினால் எண்ணிக்கை போய்விடும். அப்போது கணக்கு 1970 ஜனவரி 1 என்ற தொடக்கப் புள்ளிக்குத் திரும்பும். ஆண்ட்ராய்டு அவ்வளவு பழைய தேதியை ஏற்பதில்லை. தன்னுடைய இயங்குதளம் எந்த நாளில் உருவாக்கப்பட்டதோ அதற்கு முந்தைய தேதி உண்மையாக இருக்க முடியாது என்று முடிவு செய்து, கடிகாரத்தை அந்த நாளில் வைத்துக்கொள்ளும். அமைப்புகளில் கைப்பேசியைப் பற்றிய பகுதிக்குப் போய், பாதுகாப்பு மேம்பாட்டின் தேதியைப் பாருங்கள்.

இழுப்பறை | 13 மார்ச், காலை 7.25

பார்த்தேன். 5 பிப்ரவரி 2020. உற்பத்தியாளர் கடைசியாக அனுப்பிய மேம்பாடு அதுதான் போலும். அதற்குப் பிறகு என்னை மறந்துவிட்டார்கள்.

ஆண்டை 2026 என்று மாற்றினேன். உலாவி திறந்தது, செயலிக் கடையும் திறந்தது. செய்திச் செயலி மட்டும் புதிய பல்லவிக்கு மாறிவிட்டது: இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டது, மேம்படுத்தவும் என்கிறது. இதையாவது நம்பலாம் என்று எண்ணுகிறேன், ஏனெனில் அது 2024-ஆம் ஆண்டின் பதிப்பு.

இழுப்பறை | 13 மார்ச், காலை 8.05

மேம்படுத்தினேன், எண்ணைக் கேட்டது, குறியீடு பட்டன் கைப்பேசிக்கு வந்தது, உள்ளே நுழைந்துவிட்டேன். பழைய உரையாடல்களும் அப்படியே இருக்கின்றன.

சுருக்குவழி | 13 மார்ச், பகல் 1.30

பதிப்பு காலாவதி என்று வந்தபோது மேம்படுத்தியிருக்கவே வேண்டியதில்லை. தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் செயலி ஏமாந்துவிடும். புதிய பதிப்பை ஏற்காத என் பழைய கைப்பேசியில் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் அருமையாக ஓடியது. பிறகுதான் என்ன காரணத்தாலோ நின்றுவிட்டது. அவர்கள் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மணிக்கூண்டு | 13 மார்ச், இரவு 9.20

சுருக்குவழி சொல்வதில் பாதி உண்மை. யாரும் கண்டுபிடித்து அடைக்கவில்லை. அந்த ஒரு வாரக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

இணைப்பின் தொடக்கத்தில் சர்வர், தான் யார் என்பதை நிறுவும் சான்றிதழைக் காட்டும். அதில் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று இரண்டு எல்லைகள் இருக்கும். கைப்பேசி தன் கடிகாரத்தைப் பார்த்து, இப்போதைய நேரம் அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று சரிபார்க்கும். பொதுவாக நமக்கு நினைவில் இருப்பது காலாவதி என்ற பின்னெல்லை மட்டுமே. முன்னெல்லையும் அதே கண்டிப்போடு பார்க்கப்படுகிறது. கணினி வைத்திருப்பவர்கள் எந்தச் சர்வருக்கும் இப்படிப் பார்க்கலாம், HOST என்ற இடத்தில் தளத்தின் பெயரை எழுதவும்:

```
openssl s_client -connect HOST:443 </dev/null | openssl x509 -noout -dates
```

`notBefore`, `notAfter` என்று இரண்டு வரிகள் வரும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. சர்வரின் சான்றிதழ் ஜனவரி 10 முதல் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 25 அன்று நீங்கள் கடிகாரத்தை 40 நாள் பின்னால் தள்ளுகிறீர்கள். கைப்பேசி ஜனவரி 16 என்கிறது. பழைய பதிப்பு தான் இன்னும் காலாவதியாகவில்லை என்று நம்புகிறது, சான்றிதழும் ஆறு நாள் முன்பே தொடங்கிவிட்டது, எல்லாம் ஓடுகிறது. மார்ச் 4 அன்று சர்வர் தன் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்கிறது. உங்கள் கைப்பேசியில் அப்போது ஜனவரி 23. அதன் பார்வையில் புதிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத சான்றிதழை அது ஏற்காது. ஒரு வாரம் ஓடி நின்ற கதை இதுவாகத்தான் இருக்கும்.

இழுப்பறையின் கைப்பேசி ஆறு ஆண்டுகள் பின்னால் இருந்ததால், எந்தத் தளத்தின் சான்றிதழும் அதற்குப் பிறந்திருக்கவில்லை. ஒரு சிறு எச்சரிக்கை: சில செய்திச் செயலிகள் பொதுச் சான்றிதழை நம்பாமல் தமக்கென வைத்திருக்கும் சாவியோடு ஒப்பிடும், சில தம் சர்வரின் நேரத்தோடு கைப்பேசியின் நேரத்தைத் தாமே ஒப்பிட்டுப் பார்க்கும். ஆகவே எல்லாச் செயலிக்கும் இதே கணக்கு என்று நான் சொல்லவில்லை.

சுருக்குவழி | 13 மார்ச், இரவு 9.45

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாரம் ஓடியது அல்லவா?

வேப்பமரம் | 14 மார்ச், காலை 10.10

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். என் மகன் ஒரு விளையாட்டுச் செயலியில் உயிர்கள் தீர்ந்துபோனால் காத்திருக்கப் பொறுக்காமல், என் கைப்பேசியின் தேதியை முன்னால் தள்ளிவிடுவான். விளையாட்டு அத்தனை நாள் கடந்துவிட்டதாக நினைத்து உயிர்களை அள்ளிக் கொடுக்கும். சென்ற மாதம் ஒரு நாள் போதவில்லை என்று ஓர் ஆண்டையே தள்ளியிருக்கிறான்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், அவன் மாற்றிய பிறகும் செய்திச் செயலி கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் அக்காவுக்கு இரண்டு செய்திகள் அனுப்பினேன், அவை போய்ச் சேர்ந்தன, பதிலும் வந்தது. வீட்டை விட்டு வெளியே வந்து, வைஃபை போய் மொபைல் தரவுக்கு மாறியதும்தான் தேதி தவறு என்று அடம்பிடித்தது. அதனால் மொபைல் தரவில்தான் கோளாறு என்று எண்ணி, சேவை நிறுவனத்தை அழைத்து அரை மணி நேரம் சண்டை போட்டேன். அந்த இரண்டு செய்திகளும் இப்போதும் 2027-ஆம் ஆண்டுத் தேதியோடு என் பக்கத்தில் உரையாடலின் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. அதற்குப் பின் எழுதியதெல்லாம் அவற்றுக்கு மேலே போகிறது.

இழுப்பறை | 14 மார்ச், காலை 10.40

அம்மா, அந்த இரண்டு செய்திகளும் அடுத்த ஆண்டு வரை அங்கேயே காவல் இருக்கும் என்று நினைக்கிறேன், அவற்றை அழித்துவிடுங்கள். கொஞ்ச நேரம் ஓடியது எப்படி என்பதை நானும் அறிய விரும்புகிறேன். என் கைப்பேசியிலும் இதற்கு உறவான ஒரு புதிர் இருக்கிறது: 2020 என்று இருந்த அதே இரவில், இன்னொரு செய்திச் செயலி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இணைந்தது. அதை நான் முதல் பதிவில் எழுதவில்லை; கேள்வியைக் குழப்பும் என்று எண்ணி விட்டுவிட்டேன். உண்மையில் தேதி சரிதான் என்று நான் அடம்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மணிக்கூண்டு | 14 மார்ச், மாலை 6.30

குழப்பும் என்று விட்டுவிடும் செய்திதான் பெரும்பாலும் தேவையான செய்தி.

வேப்பமரம் கேட்டதற்கு: சான்றிதழைப் பார்ப்பது இணைப்பைத் தொடங்கும்போது மட்டும். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்ட காவலர், உள்ளே இருப்பவரிடம் வந்து ஒவ்வொரு நிமிடமும் அட்டையைக் கேட்பதில்லை. உங்கள் மகன் தேதியை மாற்றியபோது இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்தது. வைஃபையிலிருந்து வேறு வலைக்கு மாறியதும் அது அறுந்தது, புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று, அப்போதுதான் அட்டை கேட்கப்பட்டது. ஆகவே தேதியை மாற்றிய நேரத்துக்கும் செயலி மறுத்த நேரத்துக்கும் இடையே இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளியில் வேறெது நடந்ததோ அதன் மேல் பழி விழும். உங்கள் சேவை நிறுவனத்தின் மேல் விழுந்ததுபோல.

இழுப்பறையின் இரண்டாவது செயலி எது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் டெலிகிராம் தன் எம்டிபுரோட்டோ நெறிமுறையை வெளிப்படையாக ஆவணப்படுத்தியிருக்கிறது, அதை வைத்து இது எப்படி முடியும் என்று சொல்லலாம். அதில் ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணும் அனுப்புபவரின் கடிகார நேரத்திலிருந்து உருவாகிறது. அந்த நேரம் 300 விநாடிக்கு மேல் பழையதாகவோ 30 விநாடிக்கு மேல் எதிர்காலத்திலோ இருந்தால் சர்வர் ஏற்காது. கேட்பதற்கு இது மிகக் கண்டிப்பானது. ஆனால் மறுக்கும்போதே சர்வர் 16 அல்லது 17 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. உன் நேரம் பின்தங்கியிருக்கிறது, அல்லது முந்தியிருக்கிறது என்பது அதன் பொருள். அந்தப் பதிலின் அடையாள எண்ணிலேயே சர்வரின் நேரம் இருக்கிறது. செயலி வித்தியாசத்தைக் கணக்கிட்டு மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி அனுப்புகிறது. கைப்பேசியின் கடிகாரம் தவறாகவே இருக்கும், செயலி மட்டும் சரியான நேரத்தில் வாழும்.

இழுப்பறை | 14 மார்ச், இரவு 8.15

அப்படியானால் எல்லாச் செயலிகளும் அதையே செய்துவிட்டுப் போகலாமே! சர்வருக்குச் சரியான நேரம் தெரியும், என் கைப்பேசிக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

மணிக்கூண்டு | 14 மார்ச், இரவு 9.00

தெரிந்தவர் யார் என்பதுதான் கேள்வி. சான்றிதழைச் சரிபார்க்கும் வரை, எதிரில் இருப்பது உண்மையான சர்வரா, நடுவில் உட்கார்ந்திருக்கும் வேறு யாரோவா என்று கைப்பேசிக்குத் தெரியாது. எப்போதோ காலாவதியான, சாவி களவுபோன ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவர், இன்று 2019-ஆம் ஆண்டு என்று சொன்னால், அதை நம்பிய கைப்பேசி அந்தச் சான்றிதழையும் நம்பிவிடும். சாட்சியின் வயதைச் சாட்சியிடமே கேட்டு முடிவு செய்வதுபோல் ஆகிவிடும். எம்டிபுரோட்டோவில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், சர்வரை அடையாளம் காணும் பொதுச்சாவி செயலிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அடையாளத்தைச் சரிபார்க்கத் தேதி தேவைப்படுவதில்லை.

சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2020 செப்டம்பர் முதல் பொதுச் சான்றிதழ்களுக்கு அதிகபட்சம் 398 நாள் என்று இருந்தது. நாளை, அதாவது 15 மார்ச் 2026 முதல், புதிதாக வழங்கப்படுபவற்றுக்கு 200 நாள்தான். 2027 மார்ச்சில் அது 100 ஆகிறது, 2029 மார்ச்சில் 47. கடிகாரம் தவறாக இருக்கக்கூடிய இடைவெளியும் அதற்கேற்பச் சுருங்கும். ஒரு மாதம் பிசகிய கைப்பேசி இதுவரை தப்பித்துக்கொண்டிருந்தது, இனி அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

நடுநிசி | 15 மார்ச், அதிகாலை 12.40

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது இன்னும் மோசம். பயணம் போய்த் திரும்பியதிலிருந்து மணி மூன்று மணி நேரம் பிந்திக் காட்டியது. நானே மணியைத் திருத்தினேன். அதன் பிறகு செயலி தேதி தவறு என்கிறது! திருத்துவதற்கு முன் அது ஒழுங்காக இணைந்துகொண்டிருந்தது.

மணிக்கூண்டு | 15 மார்ச், காலை 8.20

மன்னிக்கவும், முதலில் உங்கள் கேள்வி இந்த இழைக்கு உரியதல்ல என்று எண்ணிக் கடந்துவிட்டேன். இப்போது மிகவும் உரியதாகிவிட்டது.

கைப்பேசி உள்ளே ஒரே ஒரு நேரத்தைத்தான் வைத்திருக்கிறது, அது உலகம் முழுதுக்கும் பொதுவான யூடிசி நேரம். திரையில் தெரிவது அந்த நேரத்தோடு மண்டல வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ வரும் விடை. நீங்கள் திரும்பி வந்தபோது உள்ளே இருந்த நேரம் சரியாகவே இருந்தது, மண்டலம் மட்டும் பழைய ஊரில் நின்றுவிட்டது. அதனால் செய்திகளின் மணி மூன்று மணி நேரம் பிந்தித் தெரிந்தது, ஆனால் இணைப்புக்கு எந்தக் குறையும் இல்லை. நீங்கள் மண்டலத்தை விட்டுவிட்டு மணியைத் திருத்தினீர்கள். திரையில் விடை சரியாயிற்று. அந்த விடை வருவதற்காக உள்ளே இருந்த நேரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது.

மூன்று மணி நேரப் பிசகில் சான்றிதழ் பெரும்பாலும் விழாது. உங்கள் செயலி தன் சர்வரோடு நேரத்தைத் தானே ஒப்பிடும் வகையாக இருக்க வேண்டும். முதலில் நேர மண்டலத்தைச் சரிசெய்யுங்கள், அப்போது திரை மூன்று மணி நேரம் கூடுதலாகக் காட்டும். அதன் பிறகு மணியைத் திருத்துங்கள். வரிசை முக்கியம்.

நடுநிசி | 15 மார்ச், காலை 9.05

மண்டலத்தை மாற்றியதும் சொன்னபடியே மூன்று மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. தானியங்கி நேரத்தைப் போட்டுவிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது. மணியைத் திருத்தியவன் நான், தவறாக்கியவனும் நானே.

இழுப்பறை | 15 மார்ச், காலை 11.30

தானியங்கி நேரம் என்றதும் என் புதிரில் மிச்சமிருக்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சார்ஜ் ஏற்றிப் போட்டபோது என் கைப்பேசியில் தானியங்கி நேரம் இயக்கத்தில்தான் இருந்தது, வைஃபையும் இணைந்திருந்தது. அது ஏன் தானாகவே சரியான தேதியைப் பெற்றுக்கொள்ளவில்லை? சிம் இல்லாததால் கோபுரத்திலிருந்து நேரம் வராது என்பது புரிகிறது. இணையத்திலிருந்து வந்திருக்கலாம் அல்லவா? அல்லது நேரத்தைக் கேட்பதற்கும் சான்றிதழ் வேண்டுமா? அப்படியானால் நேரம் இல்லாமல் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் நேரம் இல்லை என்று ஆகிவிடும்.

சுருக்குவழி | 15 மார்ச், பகல் 12.10

சிம் இல்லாமல் தானியங்கி நேரம் வேலையே செய்யாது. எல்லோரும் அறிந்ததுதான்.

மணிக்கூண்டு | 15 மார்ச், பகல் 2.45

சிம் இல்லாமலும் வேலை செய்யும். கைப்பேசி என்டிபி என்ற பழைய நெறிமுறையில் ஒரு நேரச் சர்வரைக் கேட்கும். ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் `time.android.com`. அந்தக் கேள்விக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் இழுப்பறை அஞ்சும் சுழல் அங்கே இல்லை. கேள்வி யூடிபி 123 என்ற வாயில் வழியாகப் போகிறது. சில வைஃபை வலைகள் அந்த வாயிலை அடைத்து வைத்திருக்கும். ஒரு சோதனை செய்யுங்கள்: தேதியை வேண்டுமென்றே இரண்டு நாள் தள்ளி வையுங்கள், வேறொருவர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள், பிறகு தானியங்கி நேரத்தைப் போடுங்கள்.

இழுப்பறை | 17 மார்ச், இரவு 7.50

செய்து பார்த்தேன். தம்பியின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் தானியங்கி நேரத்தைப் போட்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தேதி தானாகத் தாவிச் சரியாயிற்று. அதே சோதனையை வீட்டு வைஃபையில் செய்தேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தும் தேதி அசையவில்லை. ஆகச் சிம் இல்லாததும் காரணம் இல்லை, கைப்பேசியும் காரணம் இல்லை. சுருக்குவழி மன்னிக்க வேண்டும்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்த் தேடினேன். 123 என்ற எண்ணை அடைக்கும் விதி எதையும் காணவில்லை. என் வழக்கமான கைப்பேசி இந்த வைஃபையில் இத்தனை நாள் சரியான நேரம் காட்டியதே என்று யோசித்தேன். அதில் சிம் இருந்தது, நேரம் கோபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்தக் குறை எப்போதிலிருந்து இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

மணிக்கூண்டு | 17 மார்ச், இரவு 9.30

ரூட்டரின் பதிவேட்டைப் பாருங்கள். அது என்ன தேதி போட்டிருக்கிறது?

இழுப்பறை | 22 மார்ச், காலை 9.15

வழக்கமான கைப்பேசி பழுதுபார்ப்பிலிருந்து வந்துவிட்டது, அதனால் இந்தப் பக்கம் வரத் தாமதம். பழைய கைப்பேசியைப் பேட்டரியில் பாதி இருக்கும்போதே அணைத்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ரூட்டரின் பதிவேட்டை இன்று காலை திறந்தேன். முதல் வரியில் 1 ஜனவரி 1970, நள்ளிரவு கடந்து 12 விநாடி. கடைசி வரியில் 1970 பிப்ரவரி. மின்சாரம் போய் வந்த நாளிலிருந்து அது தன் போக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதற்கும் யாரும் நேரம் சொல்லவில்லை.

மணிக்கூண்டு | 22 மார்ச், காலை 11.00

அப்படியானால் ரூட்டரும் கேட்டுப் பதில் வராமல்தான் இருக்கிறது. அடைப்பு அதற்கு வெளியே, இணைய நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம். அல்லது ரூட்டரில் எழுதியிருக்கும் நேரச் சர்வரின் பெயர் இப்போது உயிரோடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரண்டாவது காரணம் உங்கள் கைப்பேசி பதில் பெறாததை விளக்காது.

இழுப்பறை | 22 மார்ச், காலை 11.20

இணைய நிறுவனத்தை அழைத்தேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். இப்போது 1 ஜனவரி 1970, நள்ளிரவு கடந்து 4 நிமிடம்.